திசைக்குறி இல்லாத உந்தக் கணக்கை மதிப்பிடுதல்: ஒரு மோதல் வினாவும் அதன் ஐந்து மதிப்பெண்களும்

மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியல் விடைத்தாள்களில் மோதல் கணக்கைத் திருத்தும் ஆசிரியருக்கு ஒரு குறிப்பிட்ட தவறு மிகவும் பழக்கமானது. மாணவர் உந்த மாறா விதியைச் சரியாக எழுதியிருப்பார், நிறைகளையும் வேகங்களையும் உரிய இடங்களில் பிரதியிட்டிருப்பார், கணக்கும் பிழையின்றி முடிந்திருக்கும். ஆனால் எதிரெதிராக வந்த இரண்டு பொருள்களின் உந்தங்களையும் ஒரே திசையில் சென்றவை போலக் கூட்டியிருப்பார். இத்தகைய விடைக்குச் சுழியம் வழங்குவதும் பொருந்தாது, "முறை சரிதானே" என்று ஒரு மதிப்பெண் மட்டும் குறைத்து விடுவதும் பொருந்தாது. எவ்வளவு வழங்கலாம், ஏன் வழங்கலாம் என்பதை ஒரே வினாவை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

வினாவும் விடைக்குறிப்பும்

உராய்வற்ற நேர்ப்பாதை ஒன்றில் 2 கிலோகிராம் நிறையுள்ள பெரிய வண்டி வலப்புறமாக 3 மீ/வி வேகத்தில் செல்கிறது. எதிரே 1 கிலோகிராம் நிறையுள்ள சிறிய வண்டி இடப்புறமாக 4 மீ/வி வேகத்தில் வந்து அதன்மீது மோதுகிறது. மோதலுக்குப் பின் சிறிய வண்டி வலப்புறமாக 5 மீ/வி வேகத்தில் திரும்பிச் செல்கிறது. (அ) மோதலுக்குப் பின் பெரிய வண்டியின் திசைவேகம் என்ன? (3 மதிப்பெண்) (ஆ) மோதலில் ஏற்பட்ட இயக்க ஆற்றல் இழப்பு எவ்வளவு? (2 மதிப்பெண்)

வலப்புறத்தை நேர்க்குறியாகக் கொண்டால் விடை இவ்வாறு அமையும்.

```
2(3) + 1(-4) = 2v + 1(5)
2 = 2v + 5
v = -1.5
```

ஆகவே பெரிய வண்டி 1.5 மீ/வி வேகத்தில் இடப்புறமாகத் திரும்பிச் செல்கிறது. மோதலுக்கு முன் மொத்த இயக்க ஆற்றல் 9 + 8 = 17 ஜூல்; பின்னர் 2.25 + 12.5 = 14.75 ஜூல், இழப்பு 2.25 ஜூல்.

முதல் பகுதியின் மூன்று மதிப்பெண்களை நான் இப்படிப் பிரிப்பேன்: இரண்டு வண்டிகளையும், மோதலுக்கு முன்னும் பின்னும், உள்ளடக்கிய உந்தச் சமன்பாட்டுக்கு ஒன்று, திசைக்குறியோடு சரியாகப் பிரதியிடுவதற்கு ஒன்று, அளவும் திசையும் கொண்ட விடைக்கு ஒன்று. இரண்டாம் பகுதியில், மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள மொத்த இயக்க ஆற்றலைக் கணக்கிடுவதற்கு ஒன்று, இழப்புக்கு ஒன்று. திருத்தத் தொடங்கும் முன்பே இதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. முதல் சில தாள்களைத் திருத்திவிட்டுப் பிறகு பிரிவை மாற்றினால், அந்தத் தாள்களை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் படி: குறி எந்த வரியில் தொலைந்தது என்று காண்பது

நாம் எடுத்துக்கொண்ட மாணவரின் விடை இது.

```
m1u1 + m2u2 = m1v1 + m2v2
2(3) + 1(4) = 2v + 1(5)
10 = 2v + 5
v = 2.5
```

இதில் எழுத்துகளால் ஆன முதல் வரி முழுக்கச் சரியானது. அந்த வரியில் u, v ஆகியவை திசைவேகங்களைக் குறிக்கின்றன; குறி அவற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இரண்டாம் வரியில் திசைவேகத்துக்குப் பதிலாக வேகத்தை எழுதியபோதுதான் தவறு நுழைந்தது. ஆகவே முதல் மதிப்பெண்ணைத் தயங்காமல் வழங்கலாம். இரண்டாம் மதிப்பெண்ணும் மூன்றாம் மதிப்பெண்ணும் கிடையா.

ஒரே தவறுக்கு இரண்டு மதிப்பெண்களைப் பறிப்பது இரட்டைத் தண்டனை ஆகாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எதிரெதிர்த் திசை இயக்கத்தை வினாவில் வைத்ததே குறியைக் கையாளும் திறனைச் சோதிக்கத்தான். அந்தத் திறனே காணப்படாதபோது அதற்குரிய மதிப்பெண்ணும், அதைச் சார்ந்து வரும் விடைக்கான மதிப்பெண்ணும் போவது இயல்பு. முந்தைய பகுதியின் தவறான விடையைப் பிந்தைய பகுதியில் ஏற்றுக்கொள்ளும் சலுகை, தவறு நேர்ந்த அதே பகுதியின் இறுதி விடைக்குப் பொருந்தாது.

இங்கே இன்னொரு கவர்ச்சியான யோசனை எழலாம். பிரதியிடுதலுக்கான மதிப்பெண்ணை மோதலுக்கு முன் அரை, மோதலுக்குப் பின் அரை என்று உடைத்தால் என்ன? மேலே உள்ள விடையைப் பாருங்கள்: வலப்பக்கத்தில் மாணவர் எழுதிய 2v + 5 சரியான விடையிலும் அப்படியே இருக்கிறது. சிறிய வண்டி நேர்த்திசையில் திரும்பியதால் அங்கே குறி தேவைப்படவில்லை, அவ்வளவே. அவர் திசையைப் பற்றி யோசிக்காமலேயே அந்த அரை மதிப்பெண்ணைப் பெற்றுவிடுவார். எனவே உடைக்காமல் விடுவதே மேல்.

இரண்டாம் படி: இதே போலத் தோன்றும் வேறு விடைகளைப் பிரித்தறிவது

குறியில் தவறு என்று ஒரே கூடையில் போடப்படும் விடைகள் உண்மையில் வெவ்வேறானவை.

ஒரு மாணவர் 6 − 4 = 2v + 5 என்று சரியாக எழுதி, 2v = −3 என்பது வரை வந்து, இறுதியில் திசை எதுவும் குறிப்பிடாமல் "v = 1.5 மீ/வி" என்று மட்டும் முடிக்கிறார். இவருக்குத் திசைக்குறி தெரியும். கடைசி வரியில் அதை விட்டுவிட்டார். முதல் இரண்டு மதிப்பெண்களையும் வழங்கி மூன்றாவதை மட்டும் நிறுத்தலாம், ஏனெனில் வினா கேட்டது திசைவேகத்தை. "−1.5 மீ/வி" என்று மட்டும் எழுதியிருந்தால், வலப்புறம் நேர்க்குறி என்பது அவருடைய பிரதியிடுதலிலிருந்தே தெளிவாவதால் முழு மதிப்பெண்ணும் வழங்குவேன்.

மற்றொருவர் 6 − 4 = 2v − 5 என்று எழுதி 3.5 மீ/வி என்ற விடைக்கு வருகிறார். இவர் திசையைப் புறக்கணிக்கவில்லை. சிறிய வண்டி மோதிய பின்னும் இடப்புறமாகவே செல்வதாக நினைத்துவிட்டார். அப்படி நடக்க வேண்டுமானால் இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்ல வேண்டும். பிரதியிடுதல் தவறுதான், ஆகவே இவருக்கும் ஒரு மதிப்பெண்ணே கிடைக்கும். ஆனால் விடைத்தாளில் எழுதும் குறிப்பு வேறாக இருக்க வேண்டும்: வினாவில் உள்ள "திரும்பி" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் காட்டினால் போதும்.

விடைக்குறிப்பிலிருந்து மாறுபட்டாலும் முழுக்கச் சரியான விடைகளும் உண்டு. பெரிய வண்டி இடப்புறமாகத்தான் திரும்பும் என்று முன்கூட்டியே ஊகித்து, 6 − 4 = 5 − 2v என்று எழுதி, v = 1.5 மீ/வி இடப்புறமாக என்று முடிப்பவர் சரியாகவே செய்திருக்கிறார். இடப்புறத்தை நேர்க்குறியாகக் கொண்டு −6 + 4 = 2v − 5 என்று எழுதுபவரும் அப்படியே. விடைக்குறிப்பின் குறிகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தினால் இவர்கள் இருவருக்கும் அநீதி நேர்ந்துவிடும். எந்தத் திசையை நேர்க்குறியாகக் கொண்டார் என்பதை முதலில் கண்டுபிடித்து, அதை இறுதி வரை மாற்றாமல் கடைப்பிடித்தாரா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

உந்த மாற்றத்தின் வழியாகச் செல்லும் மாணவர்களும் இருக்கிறார்கள். சிறிய வண்டியின் உந்தம் −4 இலிருந்து +5 ஆக, அதாவது 9 அலகு வலப்புறமாக மாறியது; ஆகவே பெரிய வண்டியின் உந்தம் 9 குறைந்து 6 − 9 = −3 ஆனது. இது நேர்த்தியான வழி. இதே வழியில் திசையை மறப்பவர் "5 − 4 = 1, ஆகவே 6 − 1 = 5, v = 2.5" என்று எழுதுவார். வடிவம் வேறானாலும் இது நம் முதல் மாணவரின் தவறே, அதே மதிப்பெண்தான். இவர் உந்தச் சமன்பாட்டை எழுத்துகளால் எழுதியிருக்க மாட்டார் என்றாலும், ஒரு வண்டி பெற்றதை மற்றது இழந்தது என்று பயன்படுத்தியிருப்பதால் விதிக்கான மதிப்பெண்ணை வழங்கலாம்.

மூன்றாம் படி: தவறான விடையோடு இரண்டாம் பகுதிக்குச் செல்வது

முதல் பகுதியின் 2.5 மீ/வி என்ற விடையை நம் மாணவர் ஆற்றல் கணக்குக்குக் கொண்டு செல்கிறார்.

```
முன்: 9 + 8 = 17
பின்: 6.25 + 12.5 = 18.75
17 - 18.75 = -1.75
```

இயக்க ஆற்றலில் வேகம் இருமடி ஆவதால் திசைக்கு அங்கே வேலையில்லை. மோதலுக்கு முந்தைய 17 ஜூல் முற்றிலும் சரி. பிந்தைய 18.75 ஜூலும் அவருடைய v மதிப்புக்குச் சரியாகக் கணக்கிடப்பட்டது. ஆகவே முதல் மதிப்பெண்ணை முழுமையாக வழங்க வேண்டும். இந்த இடத்தில் சிலர் திடீரென்று குறியை நினைவுகூர்ந்து, இடப்புறமாக வந்த வண்டிக்கு −8 என்று எழுதி 9 − 8 = 1 ஜூல் என்பார்கள். தேவைப்பட்ட இடத்தில் விட்டதைத் தேவையற்ற இடத்தில் சேர்க்கும் இந்த விடைக்கு அந்த மதிப்பெண் கிடையாது.

இழப்புக்கான மதிப்பெண்தான் ஆசிரியரை உண்மையில் யோசிக்க வைக்கும் இடம். −1.75 என்று நேர்மையாக எழுதி நிறுத்துபவருக்கு, முந்தைய விடையைத் தொடர்ந்து செய்த கணக்கு என்ற முறையில் வழங்கலாம். ஆற்றல் கூடியிருக்க முடியாது, ஆகவே (அ) பகுதியின் விடையில் தவறு இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுபவருக்குக் கண்டிப்பாக வழங்க வேண்டும். இயற்பியல் தெரிந்த ஒருவர் செய்யக்கூடியது அதுதான். ஆனால் பெரும்பாலோர் இந்த இரண்டையும் செய்வதில்லை. எதிர்க்குறியைக் கண்டதும் சங்கடப்பட்டு, 18.75 − 17 என்று இடம் மாற்றி "இழப்பு = 1.75 ஜூல்" என்று எழுதிவிடுகிறார்கள். இது முந்தைய தவறின் தொடர்ச்சி ஆகாது, புதிய தவறு; குறி சொல்லும் செய்தியை இரண்டாம் முறையாகத் தள்ளிவிட்டதன் விளைவு. இதற்கு மதிப்பெண் வழங்க மாட்டேன்.

இந்தக் கணக்கின் எண்களில் ஒரு சிறு சிக்கலும் இருக்கிறது. சரியான இழப்பு 2.25 ஜூல், மோதலுக்குப் பின் பெரிய வண்டியின் இயக்க ஆற்றலும் தற்செயலாக 2.25 ஜூல். கழித்தல் எதுவும் செய்யாமல் பெரிய வண்டியின் ஆற்றலை மட்டும் கணக்கிட்டுவிட்டு நிறுத்துபவரும் அதே எண்ணில் வந்து நிற்பார். ஆகவே எண்ணைக் கண்டு சரி போடாமல், 17 − 14.75 என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மொத்தத்தில் நம் மாணவருக்கு முதல் பகுதியில் 1. இரண்டாம் பகுதியில், −1.75 என்று நிறுத்தியிருந்தால் 2, இழப்பு 1.75 என்று மாற்றியிருந்தால் 1. ஆக ஐந்துக்கு மூன்று அல்லது இரண்டு.

நான்காம் படி: விடைத்தாளில் என்ன எழுதுவது

"குறி தவறு" என்று சிவப்பு மையில் எழுதினால், கவனக்குறைவால் நேர்ந்தது என்றே மாணவர் எடுத்துக்கொள்வார். அடுத்த தேர்விலும் இதையே செய்வார். பல நேரங்களில் இது கவனக்குறைவு அன்று. உந்தம் என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கிக் கிடைக்கும் ஓர் அளவு, மோதலில் அந்த அளவின் கூட்டுத்தொகை மாறாது என்றே அவர் உண்மையாக நம்புகிறார். அந்த நம்பிக்கைக்குப் பெரிய வரலாறு உண்டு. பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டேகார்ட் 1644ஆம் ஆண்டு வெளியிட்ட மோதல் விதிகள், பொருளின் அளவையும் வேகத்தையும் திசை பாராமல் பெருக்கிக் கிடைப்பதே மாறாதது என்ற கருத்தின்மீதுதான் எழுப்பப்பட்டவை. அவருடைய விதிகளில் பெரும்பாலானவை சோதனையோடு ஒத்துப்போகவில்லை. 1668ஆம் ஆண்டின் இறுதியிலும் 1669ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென், கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஆகிய மூவரும் லண்டன் இராயல் சொசைட்டிக்குத் தனித்தனியே அளித்த கட்டுரைகள்தான் இதைச் சரிசெய்தன. எதிர்த்திசையில் செல்லும் உந்தத்தைக் கழிக்க வேண்டும் என்பது அவ்வளவு எளிதில் தோன்றிவிடும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே தீர்ப்பை எழுதுவதைவிட, அவருடைய விடையை அவரே முறியடிக்கும்படியான கேள்வி ஒன்றை எழுதுவது பயன் தரும். 2.5 மீ/வி என்ற விடை பார்ப்பதற்கு நம்பும்படி இருப்பதுதான் இடைஞ்சல்: எதிரே வந்த வண்டி மோதியதால் பெரிய வண்டியின் வேகம் 3 இலிருந்து 2.5 ஆகக் குறைந்தது என்பது கேட்பதற்குச் சரியாகவே படுகிறது. எனவே நான் எழுதும் குறிப்பு இது: "பெரிய வண்டியின் உந்தம் உன் விடைப்படி எவ்வளவு மாறியது? இடப்புறம் 4 மீ/வி வேகத்தில் வந்த சிறிய வண்டி வலப்புறம் 5 மீ/வி வேகத்தில் திரும்ப, அதன் உந்தம் எவ்வளவு மாற வேண்டும்? இரண்டும் சமமா?" பெரிய வண்டிக்கு 1 என்றும் சிறிய வண்டிக்கு 9 என்றும் அவர் காண்பார். சிறிய வண்டியை நிறுத்துவதற்கே 4 அலகு தேவை, பிறகு எதிர்த்திசையில் ஓட்டுவதற்கு 5 அலகு தேவை என்பது படம் வரைந்தால் உடனே தெரியும். வண்டிகள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசைகள் சமமும் எதிருமானவை என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை அவர் ஏற்கெனவே படித்திருப்பதால், 1 என்பதும் 9 என்பதும் பொருந்தாது என்று அவரே சொல்வார்.

சில தாள்களில் மாணவர் படம் வரைந்து, இரண்டு வண்டிகளுக்கும் அம்புக்குறிகளை எதிரெதிராகச் சரியாக இட்டிருப்பார். ஆனால் சமன்பாட்டில் அம்புக்குறி காணாமல் போயிருக்கும். இவர் வினாவைச் சரியாகப் படித்திருக்கிறார், படத்தில் உள்ள திசையைக் குறியாக மாற்றத்தான் தெரியவில்லை. விடைக்குறிப்பில் படத்துக்கு மதிப்பெண் இல்லையென்றால் இவருக்குக் கூடுதலாக எதுவும் வழங்க முடியாது. ஆனால் இடப்புற அம்புக்குறியின் அருகே "−" என்று சிவப்பு மையில் இட்டு, அதிலிருந்து சமன்பாட்டின் 4 என்ற எண்ணுக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டுங்கள். இவருக்கு அதுவே போதும்.

ஆற்றல் சோதனை எப்போது கைவிடும்

"ஆற்றல் கூடியிருக்கிறதா என்று பார், கூடியிருந்தால் விடை தவறு" என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. இதே வண்டிகள் மோதியபின் ஒட்டிக்கொண்டு சேர்ந்து செல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை, 2 ஐ 3 ஆல் வகுக்க, வலப்புறமாகச் சுமார் 0.67 மீ/வி. குறியை மறப்பவர் 10 ஐ 3 ஆல் வகுத்து 3.33 மீ/வி என்பார். அவருடைய ஆற்றல் கணக்கில் முன்பு 17 ஜூல், பின்பு சுமார் 16.67 ஜூல். ஆற்றல் சற்றே குறைந்திருக்கிறது. சோதனை எந்த எச்சரிக்கையும் தராது.

இது தற்செயல் அன்று. ஒட்டிக்கொள்ளும் மோதலில் குறியை மறந்து பெறும் விடை, இரண்டு வண்டிகளும் ஒரே திசையில் செல்லும் மற்றொரு வினாவின் சரியான விடை. அந்த மோதல் இயற்கையில் நடக்கக்கூடியது என்பதால் ஆற்றல் விதியை அது ஒருபோதும் மீறாது. இங்கே பிழையைக் காட்டிக்கொடுப்பது வேறொன்று: வலப்புறமாக 3 மீ/வி வேகத்தில் சென்ற பெரிய வண்டி, எதிரே வந்த வண்டியால் இடப்புறமாகத் தள்ளப்பட்ட பிறகு 3.33 மீ/வி வேகத்தில் வலப்புறமாக விரைகிறது. எதிர்த்து வந்து மோதியது அதன் வேகத்தைக் கூட்டிவிட்டதாம்! ஒட்டிக்கொள்ளும் மோதல்களுக்கு விடைத்தாளில் இதைத்தான் கேள்வியாக எழுத வேண்டும், ஆற்றலை அன்று.

விடை சரி, வழி தவறு

இறுதியாக, வினா தயாரிப்பவரின் கவனத்துக்கு ஒன்று. சம நிறையுள்ள இரண்டு வண்டிகள், தலா 1 கிலோகிராம், எதிரெதிராக 3 மீ/வி வேகத்தில் வந்து மோதுகின்றன. ஒன்று 3 மீ/வி வேகத்தில் திரும்புகிறது, மற்றதன் வேகம் என்ன என்பது பலரும் விரும்பிக் கேட்கும் எளிய வினா. குறியை மறந்தவர் 3 + 3 = v + 3 என்று எழுதி 3 மீ/வி என்ற சரியான அளவைப் பெற்றுவிடுவார். வினா வேகத்தை மட்டும் கேட்டிருந்தால் அவருடைய விடையில் பிழையே தெரியாது. இத்தகைய வினாவைத் திருத்த நேர்ந்தால், பிரதியிடும் வரியைப் படிக்காமல் இறுதி எண்ணுக்குச் சரி போடக் கூடாது. விடைக்கான மதிப்பெண்ணை வழங்கினாலும் பிரதியிடுதலுக்கான மதிப்பெண்ணை நிறுத்தி, ஏன் நிறுத்தினோம் என்பதைத் தாளிலேயே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மறுகூட்டலுக்கு வரும் மாணவரிடம் விளக்குவது கடினம். வினாவை நீங்களே அமைப்பதாக இருந்தால் நிறைகளையும் வேகங்களையும் சமமில்லாமல் தேர்ந்து, குறியோடு செய்தால் வரும் விடையையும் குறியின்றிச் செய்தால் வரும் விடையையும் அச்சுக்கு அனுப்பும் முன் அருகருகே கணக்கிட்டு, இரண்டும் அளவிலேனும் வேறுபடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.